பட்டா என்று தேடுபவருக்கு எந்த வடிவத்தில் எழுதுவது? மூன்று வகைத் தேடல்கள், ஓர் ஒப்பீடு

அரசு சேவைகள் பற்றித் தமிழில் எழுதும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பட்டா பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். எல்லாவற்றையும் விளக்கும் நீண்ட கட்டுரையாக எழுதவா, படிப்படியான செய்முறையாக எழுதவா, இல்லை அரசுத் தளத்தின் முகவரியைக் கொடுத்துச் சுருக்கமாக முடித்துவிடவா?"

நானும் இதே இடத்தில் நின்றவன்தான். அன்று மூன்றையும் ஒரே பக்கத்தில் போட்டேன். பட்டா என்றால் என்ன, அதன் வரலாறு, பத்திரத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, விண்ணப்ப முறை, கடைசியில் தளத்தின் இணைப்பு. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா அந்தப் பக்கத்தைத் தன் போனில் திறந்து வைத்திருந்தார். வாங்கிய நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும் அவருக்கு. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார். வரலாறு போயிற்று, வேறுபாடுகள் போயின, ஒரு படம் போயிற்று. பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரிப்பா, இதுல எங்க அழுத்தணும்?"

அவருக்குத் தேவையான பத்தி அந்தப் பக்கத்தில் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் அவருக்குத் தேவையில்லாத பதினான்கு பத்திகள் இருந்தன. ஊரிலிருந்து திரும்பியதும் அந்தப் பக்கத்தைப் பிரித்து எழுதினேன். அப்போது எதை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

## மூன்று தேடல்கள்

தேடலை நோக்கத்தை வைத்துப் பிரிக்கலாம் என்பதை 2002-ல் கணினி அறிவியலாளர் ஆண்ட்ரெய் பிரோடர் ஒரு கட்டுரையில் தெளிவாக எழுதிவைத்தார். ஆல்டாவிஸ்டா தேடுபொறியில் மக்கள் தேடியவற்றை ஆராய்ந்து மூன்று வகை கண்டார்: இன்ஃபர்மேஷனல், டிரான்ஸாக்ஷனல், நேவிகேஷனல். எளிய தமிழில் சொன்னால் அறியத் தேடுவது, செய்யத் தேடுவது, போகத் தேடுவது.

தேடல் பதிவுகளில் சுமார் 48 சதவீதம் அறியத் தேடுபவை, 30 சதவீதம் செய்யத் தேடுபவை, 20 சதவீதம் போகத் தேடுபவை என்று அவர் கணக்கிட்டார். பிறகு 2008-ல் ஜான்சன், பூத், ஸ்பிங்க் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் வேறு பதிவுகளைத் தானியங்கி முறையில் வகைப்படுத்தியபோது அறியத் தேடுபவை மட்டுமே 80 சதவீதத்துக்கு மேல் வந்தன. கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்து கணக்கு அவ்வளவு மாறுகிறது. அதனால் சதவீதத்தை வைத்து வடிவத்தை முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு தேடலையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பட்டாவை எடுத்துக்கொள்வோம். "பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் என்ன வித்தியாசம்" என்பது அறியத் தேடுவது. "பட்டா பெயர் மாற்றம் விண்ணப்பம்" என்பது செய்யத் தேடுவது. `eservices.tn.gov.in patta` என்று அடிப்பவர் போகத் தேடுகிறார். தளம் எது என்று அவருக்குத் தெரியும், கதவு மட்டும் திறக்க வேண்டும். பேசப்படும் பொருள் ஒன்றுதான், தேடி வருபவர்கள்தான் மூன்று பேர்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், படிப்பவரின் வேலை எங்கே முடிகிறது என்பது. நம் பக்கத்தைப் படித்ததுமே முடிகிறதா, ஒரு விண்ணப்பம் அனுப்பியபின் முடிகிறதா, வேறொரு தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முடிகிறதா? மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

இரண்டாவது, எழுதியது எத்தனை நாள் சரியாக இருக்கும், அதைச் சரியாக வைத்திருக்க எவ்வளவு உழைப்பு ஆகும் என்பது. எழுத ஆகும் நேரத்தை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். பராமரிக்க ஆகும் நேரத்தைப் பெரும்பாலானவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது, நாம் தவறாக எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது. நான்காவது, அந்த இடத்தில் நம் பக்கத்துக்கு வேலை இருக்கிறதா என்பது. அரசுத் தளமே முதலில் நிற்கும் தேடலில் நாம் புதிதாக எதைக் கொடுக்கப் போகிறோம்?

| | அறியத் தேடுவது | செய்யத் தேடுவது | போகத் தேடுவது |
|---|---|---|---|
| வேலை முடியும் இடம் | நம் பக்கம் | விண்ணப்பம், இ-சேவை மையம் | அரசுத் தளம் |
| பொருந்தும் வடிவம் | விளக்கக் கட்டுரை | தேவையானவற்றின் பட்டியல், படிகள் | நேரடி இணைப்போடு சில வரிகள் |
| முதல் திரையில் இருக்க வேண்டியது | கேள்விக்கு நேர் விடை | கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள் | சரியான முகவரி |
| எவ்வளவு நாள் நிற்கும் | ஆண்டுக்கணக்கில் | தளத்தின் திரை மாறும்வரை | முகவரி மாறும்வரை |
| மறைந்திருக்கும் செலவு | விடை தேடல் பக்கத்திலேயே கிடைத்துவிடுவது | இடைவிடாத சரிபார்ப்பு | தேடலில் தெரிந்தும் கிளிக் வராதது |

## அறியத் தேடுபவருக்கு: விளக்கக் கட்டுரை

பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பவர் அநேகமாக நிலம் வாங்கும் யோசனையில் இருப்பவர், அல்லது அப்பா வழிச் சொத்தைப் பிரிக்க உட்கார்ந்திருப்பவர். அவருக்கு முதல் பத்தியிலேயே விடை வேண்டும்: பத்திரம் பதிவுத்துறையில் பதிவாவது, நிலம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்வது, பட்டா வருவாய்த்துறை தருவது, அந்தத் துறையின் பதிவேட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டுவது.

விடையைச் சொன்ன பிறகுதான் விளக்கத்துக்கு இடம். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று பலர் நம்புகிறார்கள். வருவாய்ப் பதிவுகளில் பெயர் இருப்பது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அப்படியானால் பட்டா எதற்கு, அது இல்லாமல் போனால் என்ன சிக்கல், கூட்டுப் பட்டாவில் இருக்கும் நிலத்தை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கேள்வி அடுத்த கேள்வியை இழுத்துக்கொண்டு வரும். அந்தக் கேள்விகள் வருகிற வரிசையிலேயே துணைத்தலைப்புகளை வைக்கலாம். நீண்ட கட்டுரை இங்கே பொருந்தும். படிப்பவர் அவசரத்தில் இல்லை, அவரும் யோசித்துக்கொண்டே படிக்கிறார்.

ஆனால் அறியத் தேடுவதிலேயே ஒரு சின்ன வகை உண்டு. "ஒரு ஏக்கர் எத்தனை சென்ட்" என்று கேட்பவருக்கு 100 என்ற ஒற்றை விடை போதும். கூகுள் தன் தர மதிப்பீட்டாளர்களுக்குத் தரும் வழிகாட்டியில் இதை 'Know Simple' என்று தனியாகவே குறிக்கிறது. இந்த விடை தேடல் பக்கத்திலேயே பெட்டி போட்டு வந்துவிடும், நம் பக்கத்துக்கு யாரும் வரத் தேவையிருக்காது. இதற்கு ஆயிரம் சொல்லில் கட்டுரை எழுதுவது நேர விரயம். பெரிய கட்டுரைக்குள் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும்.

எப்போது இந்த வடிவத்தைத் தேர்வது? கேள்வியில் "என்றால் என்ன", "ஏன்", "வித்தியாசம்", "செல்லுமா" போன்ற சொற்கள் இருந்து, விடையும் ஒரே வரியில் அடங்காதபோது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற நேரமில்லாதவருக்கும் இதுதான் நல்ல தேர்வு.

## செய்யத் தேடுபவருக்கு: ஆவணப் பட்டியலும் படிகளும்

சித்தப்பா இந்த வகை. இந்தப் பக்கத்தை எழுதுவதுதான் மூன்றிலும் கடினம், எனக்குப் பிடித்ததும் இதுதான்.

இங்கே பக்கத்தின் தொடக்கத்தில் இருக்க வேண்டியது ஒரு கிளை. பட்டா மாறுதலில் இரண்டு வழிகள் உண்டு. ஒரு சர்வே எண்ணை, அல்லது ஏற்கெனவே உள்ள உட்பிரிவை, முழுவதுமாக வாங்கியிருந்தால் அது உட்பிரிவு இல்லாத மாறுதல். பெயர் மட்டும் மாற வேண்டும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும்; சர்வேயர் வந்து அளந்து, புல வரைபடத்தில் புதுக் கோடு விழுந்த பிறகுதான் பட்டா வரும். இந்த இரண்டில் தான் எந்த வழி என்று தெரியாமல் படிகளைப் படிப்பவர் பாதியில் சிக்கிக்கொள்வார். சித்தப்பா வாங்கியது ஒரு சர்வே எண்ணின் பாதி. என் பழைய பக்கம் பெயர் மாற்றத்தை மட்டுமே விளக்கியது. அவர் அதை முழுவதும் படித்திருந்தாலும் சர்வேயர் வருவார், அதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்காது.

எனவே புதிய பக்கத்தின் முதல் திரையில் ஒரே கேள்விதான் வைத்தேன்: "சர்வே எண் முழுவதையும் வாங்கினீர்களா, ஒரு பகுதியை வாங்கினீர்களா?" அதன் கீழே இரண்டு இணைப்புகள். ஒவ்வொரு வழியிலும் முதலில் ஆவணங்களின் பட்டியல், பிறகு படிகள். பட்டியல் படிகளுக்கு முன்னால் வருவதற்குக் காரணம் இருக்கிறது. `tamilnilam.tn.gov.in/citizen` தளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கிய பிறகு பத்திரத்தின் ஸ்கேனைத் தேடி எழுந்து போனால், திரும்பி வருவதற்குள் திரை காலாவதியாகிவிட்டால், எல்லாவற்றையும் மீண்டும் அடிக்க வேண்டும். போனில் செய்பவருக்கு அது பெரிய தொல்லை.

ஒவ்வொரு படியும் ஒரு வினையில் முடிய வேண்டும்: தேர்வு செய்யுங்கள், பதிவேற்றுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் பட்டன் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதையே எழுத வேண்டும். அழகான தமிழாக மாற்றினால் படிப்பவர் அந்தச் சொல்லைத் திரையில் தேடிக் குழம்புவார். கடைசிப் படியில் விண்ணப்ப எண்ணை வைத்து நிலையை எங்கே பார்ப்பது, அதற்குப் பிறகு யார் வருவார் என்பதையும் சொல்ல வேண்டும். அது விட்டுப்போனால் அவர் திரும்பவும் தேடலுக்குத்தான் போவார்.

இதன் மறைந்திருக்கும் செலவு பராமரிப்பு. தளத்தின் திரை மாறும், கட்டணம் மாறும், முன்பு கேட்காத ஓடிபியைப் புதிதாகக் கேட்கும். பழைய கட்டணத்தை நம்பி இ-சேவை மையத்துக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறார். இந்தப் பக்கத்தை எழுதுகிறவர் மாதம் ஒருமுறையாவது தளத்தில் நுழைந்து முதல் படியிலிருந்து போய்ப் பார்க்க வேண்டும். 'கடைசியாகச் சரிபார்த்த நாள்' என்று மேலே எழுதி, உண்மையிலேயே சரிபார்த்த அன்று மட்டும் அதை மாற்ற வேண்டும். இது முடியாது என்றால் இந்த வடிவத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. விளக்கக் கட்டுரையில் ஒரு பிழை என்றால் தவறான புரிதல். செய்முறைப் பக்கத்தில் ஒரு பிழை என்றால் வீண் அலைச்சலும் பணமும்.

"எப்படி" என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். "பட்டா மாற்றுவது எப்படி" என்பது கேள்வி என்பதால் பலர் அதை அறியத் தேடுவதில் சேர்த்துவிடுகிறார்கள். தேடுபவர்களில் சிலர் மாறுதல் எப்படி நடக்கிறது என்று பொதுவாகத் தெரிந்துகொள்ள வருகிறார்கள். கணிசமானவர்கள் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்போதே செய்ய உட்கார்ந்திருப்பவர்கள். இரண்டாமவருக்கு ஏற்ற வடிவில் எழுதினால் முதலாமவரும் மேலோட்டமாகப் படித்து விஷயத்தைப் புரிந்துகொள்வார். முதலாமவருக்காக எழுதினால் இரண்டாமவருக்கு வேலை நடக்காது. அதனால் "எப்படி" என்று வந்தால் படிகளாகவே எழுதுங்கள்.

## போகத் தேடுபவருக்கு: சில வரிகள், அல்லது எதுவும் வேண்டாம்

தளத்தின் பெயரையே அடித்துத் தேடுபவருக்கு நம் கட்டுரை குறுக்கே நிற்கும் சுவர். அரசுத் தளம் முதலில் வரும், அவர் அதை அழுத்துவார், அவ்வளவுதான். அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து எழுதும் பக்கத்துக்கு, கூகுள் தேடலில் நம் பக்கம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் கருவியில் இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் தோன்றிய எண்ணிக்கை, நிறைய காட்டும், கிளிக் மிகக் குறைவாக இருக்கும். தலைப்பு சரியில்லை என்று நினைத்து மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தலைப்பில் குறையில்லை, அந்தத் தேடல் நமக்கானது இல்லை.

இதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது, எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். போகத் தேடி வருபவரை நிறுத்திவைக்க, அரசுத் தளம் போலவே நிறமும் சின்னமும் வைத்து, விளம்பரத்துக்குப் பக்கத்தில் 'பதிவிறக்கு' என்று பட்டன் வைக்கும் பக்கங்கள் இருக்கின்றன. அங்கே போன் எண்ணைக் கொடுத்துவிட்டு ஓடிபிக்காகக் காத்திருக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த வருமானத்துக்காகவும் இதைச் செய்யாதீர்கள்.

அப்படியானால் இந்த வகைக்கு எழுதவே கூடாதா? ஒரு நிலைமையில் எழுதலாம். போக வேண்டிய இடம் உண்டு என்று தெரிந்து, எது என்று தெரியாதபோது. நில ஆவணங்களில் இது நிஜமான குழப்பம். பட்டாவைப் பார்க்க ஒரு தளம், பட்டா மாற்ற விண்ணப்பிக்க இன்னொரு தளம், வில்லங்கச் சான்று பார்க்க வேறொரு துறையின் தளம். `patta chitta online` என்று அடிப்பவருக்கு இந்த மூன்றில் எது தேவை என்பது அவர் அடித்த சொல்லில் தெரியாது. இங்கே ஒரு கைகாட்டிப் பலகை உண்மையிலேயே உதவும்:

- பட்டா, புல வரைபடம் பார்க்க: `eservices.tn.gov.in`
- பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க: `tamilnilam.tn.gov.in/citizen`
- வில்லங்கச் சான்று பார்க்க: `tnreginet.gov.in`

இதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். உதாரணமாக, பட்டாவைப் பார்க்க மாவட்டம், வட்டம், கிராமம் தெரிய வேண்டும், கூடவே பட்டா எண்ணோ சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணுமோ கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அவர் போய்விட்டுத் திரும்ப வேண்டியிருக்காது. சிட்டா என்று தனியாகத் தேடுபவர்களுக்கு, அதிலிருந்த விவரங்கள் பட்டாவோடு சேர்க்கப்பட்டுவிட்டன என்றும் ஒரு வரி எழுதலாம். முன்னுரை வேண்டாம், படம் வேண்டாம்.

"விஏஓ அலுவலகம் அருகில்" என்பது போன்ற தேடல்களும் போகத் தேடுபவைதான், ஆனால் நேரில் போக. அங்கே வரைபடம் முதலில் வந்துவிடும். கட்டுரைக்கு வேலையில்லை.

## எது என்று தெரியாதபோது

வழக்கமாகச் சொல்லப்படும் சோதனை எளிது. அந்தச் சொல்லைத் தனிச் சாளரத்தில், போனில் தேடிப் பாருங்கள். முதல் பக்கத்தில் வருபவை விளக்கங்களா, படிகளா, தளங்களின் முகப்புகளா என்று எண்ணுங்கள். எது அதிகமோ அதுவே நோக்கம்.

தமிழில் இந்தச் சோதனையை அப்படியே நம்பக் கூடாது. தமிழில் எழுதப்பட்ட நல்ல பக்கங்கள் குறைவு என்பதால், தேடுபொறி இருப்பதை எடுத்துக் கொடுக்கிறது. "பட்டா உட்பிரிவு" என்று தமிழில் தேடி முதல் பக்கத்தில் செய்திகளும் வீடியோக்களுமாக வந்தால், மக்கள் செய்தி படிக்கத்தான் வருகிறார்கள் என்று முடிவு செய்துவிட வேண்டாம். செய்முறைப் பக்கத்தை யாரும் எழுதாமல் இருந்திருக்கலாம். எனவே ஒரே விஷயத்தைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை, `patta subdivision` என்று ஆங்கில எழுத்தில் ஒருமுறை தேடுங்கள். இரண்டிலும் ஒரே வகைப் பக்கங்கள் வந்தால் நோக்கம் தெளிவு. வேறுவேறாக வந்தால், கீழே 'மக்கள் இவற்றையும் கேட்கிறார்கள்' என்று வரும் கேள்விகளைப் பாருங்கள். போட்டியாளர்கள் எழுதியதைவிட மக்கள் கேட்டது நம்பகமானது.

ஏற்கெனவே எழுதிய பக்கம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தை மட்டும் தேர்ந்து, எந்தெந்தச் சொற்களுக்கு அது வந்தது என்ற பட்டியலை எடுங்கள். மேலிருந்து ஐம்பது சொற்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள். என் பழைய பக்கத்தின் பட்டியலில் அறியத் தேடியவர்களும் செய்யத் தேடியவர்களும் கலந்தே வந்திருந்தார்கள். கலந்து வந்தால் பக்கத்தைப் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

பிரிக்கும்போது ஒரு தவறு நடக்கும். இரண்டு பக்கங்களுக்கும் ஏறக்குறைய ஒரே தலைப்பை வைத்தால், ஒரு சொல்லுக்கு இன்று இதுவும் நாளை அதுவுமாக மாறி மாறி வரும், இரண்டும் கீழே இறங்கும். தலைப்பிலேயே வேலை தெரிய வேண்டும். என் பக்கங்கள் இப்போது இப்படி இருக்கின்றன: 'பட்டாவும் பத்திரமும்: நிலம் வாங்கும் முன் தெரிய வேண்டியவை' என்று ஒன்று, 'பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க: ஆவணங்கள், படிகள்' என்று இன்னொன்று. கைகாட்டிப் பலகை தனிப் பக்கமாக இல்லை. இரண்டின் மேலேயும் மூன்று வரியாக இருக்கிறது.

வெற்றியை அளப்பதும் வடிவத்துக்கு ஏற்ப மாறும். விளக்கக் கட்டுரையில் ஆள் நின்று படிக்கிறாரா என்று பார்க்கிறேன். செய்முறைப் பக்கத்தில் அரசுத் தளத்தின் இணைப்பை அழுத்துகிறாரா என்று பார்க்கிறேன். அவர் சீக்கிரம் வெளியேறினால் அது நல்ல செய்தி. எல்லாப் பக்கத்துக்கும் 'எவ்வளவு நேரம் இருந்தார்' என்ற ஒரே கணக்கை வைத்தால், நன்றாக வேலை செய்யும் செய்முறைப் பக்கம்தான் தோற்றது போலத் தெரியும்.

புதிய பக்கத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "ஒரு பகுதியை வாங்கினேன்" என்பதை அழுத்தினார். ஆவணப் பட்டியலைப் படித்துவிட்டுப் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து வந்தார். விண்ணப்ப எண் வந்ததும் காலண்டரின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு, சர்வேயர் எப்போது வருவார் என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு என் பக்கத்தில் இரண்டே வரிதான் இருந்தது. அடுத்து எழுத வேண்டியது அதைத்தான்: "சர்வேயர் அளக்க வரும்போது" என்று, செய்யத் தேடுபவருக்காக.